ஒன்பது பேரில் நாலு பேர் கை தூக்கினால் அது தீர்மானமா?

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 5, இரவு 8:40

மொரிசியசில் ஃப்ளாக் பக்கம், கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை தோறும் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். பதினாலு பிள்ளைகள், பதினொன்றிலிருந்து பதிமூன்று வயது. எழுத்தும் இலக்கணமும் சலித்துப் போனதால் இந்த மாதம் குடிமையியல் பாடம் ஒன்றைத் தமிழில் நடத்திப் பார்க்கலாம் என்று கிராம மன்றக் கூட்டம் வைத்தேன். ஒன்பது பேர் உறுப்பினர்கள், ஐந்து பேர் ஊர்மக்கள். கையில் 1,50,000 ரூபாய் இருப்பதாகக் கற்பனை. மூன்று யோசனைகள்: பந்து மைதானத்துக்கு விளக்கு, விலேஜ் ஹாலில் ஒரு வாசிப்பறை, மைதான மூலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல். ஆளுக்கொரு அட்டை கொடுத்து யார் எதை ஆதரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன்.

ஆறே நிமிடம். விளக்குக்கு 4 கை, வாசிப்பறைக்கு 3, ஊஞ்சலுக்கு 2. தலைவராக இருந்த பெண் "விளக்கு ஜெயித்தது" என்றாள், எல்லாரும் கை தட்டினார்கள். நாற்பது நிமிடத்துக்குத் திட்டம் போட்டிருந்த நான் முழித்தேன். அப்போது பின்வரிசையில் ஊர்மக்களாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், அஞ்சு பேருக்கு விளக்கு வேண்டாமே?"

பெரும்பான்மை என்றால் அதுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்துகிறது. நான் அவளுக்குப் பதில் சொன்னேனா, வாயை அடைத்தேனா?

ரோஸ்ஹில் கணக்கன் · ஜூலை 5, இரவு 9:15

இதில் உறுத்த என்ன இருக்கிறது? பாதிக்கு மேல் யாருக்கும் வரவில்லை என்றால் கடைசியாக வந்ததைத் தூக்கிவிட்டு இரண்டாம் சுற்று வையுங்கள். பிரான்சில் அதிபர் தேர்தலிலேயே முதல் இருவரை மட்டும் வைத்து இரண்டாம் சுற்று உண்டு. ஊஞ்சல் கேட்ட இரண்டு பேர் எங்கே சாய்கிறார்களோ அதுதான் பெரும்பான்மை. அத்தோடு முடிந்தது.

திருவாரூர்க்காரன் · ஜூலை 6, காலை 7:02

மிஸ், அடிப்படையே தப்பு. கிராம சபையில் ஒன்பது பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஊர் வாக்காளர் எல்லாருமே கிராம சபைதான். எங்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடும். பதினாலு பிள்ளைகளையும் உட்கார வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் கை எண்ணி நான் பார்த்ததே இல்லை என்பது வேறு விஷயம். மைக்கில் வாசிப்பார்கள், "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள்.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 6, மாலை 5:30

அண்ணா, நீங்கள் சொல்வது தமிழ்நாட்டுக் கிராம சபை. நான் சொல்வது மொரிசியசில் வீட்டில் நாங்கள் கோன்செய் விலாஜ் என்று சொல்லும் கிராம மன்றம். 2011 சட்டப்படி ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒன்பது உறுப்பினர்கள். 2020 நவம்பர் 22 அன்று தீவு முழுக்கத் தேர்தல் நடந்தது. வாக்குச்சீட்டில் ஒன்பது பேர் வரைக்கும் குறியிடலாம். ஜெயித்த ஒன்பது பேரும் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள். எங்கள் தலைவர் பதவியும் வகுப்பில் அப்படித்தான் முடிவானது. கையெழுத்து அழகாக இருப்பவள் என்று அவளைத் தேர்ந்தெடுத்தார்கள், காரணம் அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் "எல்லாருக்கும் சம்மதம்தானே" என்னைச் சுட்டது. என் ஆறு நிமிடக் கூட்டமும் ஏறக்குறைய அதுதான்.

கணக்கன் சொன்ன இரண்டாம் சுற்றை அடுத்த சனிக்கிழமை பார்க்கிறேன்.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 12, மதியம் 1:10

பார்த்தாயிற்று. ஊஞ்சல்காரர் இருவரும் விளக்குப் பக்கம் சாய்ந்தார்கள். அட்டைப்படி ஒருத்தி கைக்குழந்தைக்காரி, இன்னொருவர் பாட்டி. ஊஞ்சல் இல்லையென்றால் இருட்டில் நடக்க வெளிச்சமாவது வரட்டும், வாசிப்பறையால் எங்களுக்கு என்ன என்றார்கள். விளக்கு 6, வாசிப்பறை 3. நல்ல பெரும்பான்மை. கணக்கன் வாழ்க.

அதே பின்வரிசைப் பெண் விடவில்லை. "மிஸ், வாசிப்பறையைத் தூக்கிட்டு விளக்கையும் ஊஞ்சலையும் மட்டும் வெச்சா?"

வைத்தோம். வாசிப்பறைக்காரர் மூவரும் ஊஞ்சலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் மைதானத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ராத்திரி சத்தமும் வெளிச்சமும் அவருக்கு ஆகாது. ஊஞ்சல் 5, விளக்கு 4.

இரண்டே கை வாங்கிய ஊஞ்சல் ஜெயித்துவிட்டது. கூடத்தில் ஒரே கூச்சல். இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, மணி அடித்துக் காப்பாற்றியது.

பழைய உறுப்பினர் · ஜூலை 13, காலை 6:20

மிஸ், நான் ஒரு மன்றத்தில் இரண்டு தவணை உட்கார்ந்தவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, நிஜ மன்றத்தில் மூன்று யோசனையை ஒன்றாக வைத்து "எதற்கு எத்தனை கை" என்று கேட்பது வழக்கமில்லை. ஒருவர் ஒரு தீர்மானத்தை முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். வேறு யோசனை உள்ளவர் அதற்குத் திருத்தம் கொண்டுவருவார். முதலில் திருத்தத்துக்கு ஓட்டு, பிறகு அதில் நின்றதற்கு ஓட்டு. எப்போதும் இரண்டிரண்டாகத்தான் மோதும். ஆகவே எது எதோடு முதலில் மோதுகிறது என்பதுதான் முக்கியம். உங்கள் பெண் அதைத்தான் மோப்பம் பிடித்திருக்கிறாள். நிகழ்ச்சி நிரலை யார் எழுதுகிறார்களோ அவர்கள் கையில் பாதிக் கூட்டம் என்று எங்கள் மன்றத்தில் ஒரு கிழவர் சொல்லுவார். நான் அப்போது சிரித்தேன். பிற்பாடு ஒரு பெத்தாங் ஆடுகளம் விஷயத்தில் தோற்ற பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது, தலைப்பை நன்றாக எடுத்திருக்கிறீர்கள். மண்டபம், சின்ன விளையாட்டு மைதானம், நூலகம், ஊர் நிகழ்ச்சிகள், இவைதான் மன்றத்தின் வேலை. பல பள்ளிக்கூடங்களில் குப்பை வண்டி வரவில்லை என்று கூட்டம் போடுகிறார்கள். குப்பை அள்ளுவதும் தெரு விளக்கும் மாவட்ட மன்றத்தின் வேலை. கிராம மன்றம் அதற்குத் தீர்மானம் எழுதி மேலே அனுப்பலாம், அங்கே உட்காரும் தன் பிரதிநிதியைப் பேசச் சொல்லலாம், அவ்வளவே.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 13, காலை 10:45

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் முதலில் குப்பை வண்டி என்றுதான் எழுதி வைத்திருந்தேன். நாத்தம் பிடித்த தலைப்பு என்று பிள்ளைகள் மூக்கைப் பிடித்ததால் மாற்றினேன். அறிவாளி என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, நீங்கள் சொன்னதைத் தரையில் அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு உறுப்பினரின் வரிசை இது:

நாலு பேர் (பந்து விளையாடுகிறவர்கள் மூவர், மைதானத்தோரம் காதோ பிமா வடை விற்கும் கடைக்காரர்): விளக்கு, பிறகு வாசிப்பறை, கடைசியில் ஊஞ்சல். ஊஞ்சல் வந்தால் மைதானத்தின் ஒரு மூலை போய்விடும்.

மூன்று பேர்: வாசிப்பறை, ஊஞ்சல், கடைசியில் விளக்கு.

இரண்டு பேர்: ஊஞ்சல், விளக்கு, கடைசியில் வாசிப்பறை.

விளக்கா வாசிப்பறையா என்றால் விளக்கு, 6-3. வாசிப்பறையா ஊஞ்சலா என்றால் வாசிப்பறை, 6-3. ஊஞ்சலா விளக்கா என்றால் ஊஞ்சல், 5-4. விளக்கு வாசிப்பறையை வெல்கிறது, வாசிப்பறை ஊஞ்சலை வெல்கிறது, ஊஞ்சல் விளக்கை வெல்கிறது. கல், காகிதம், கத்தரிக்கோல் ஆட்டம் மாதிரி சுற்றிக்கொண்டே போகிறது. ஜெயித்தவர் என்று ஒருவர் இல்லவே இல்லை!

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 13, காலை 11:02

தப்பு. வாசிப்பறை, ஊஞ்சலை 6-3 இல்லை, 7-2. நாலும் மூன்றும் ஏழு. தமிழ் மிஸ்ஸிடம் கணக்குக் கேட்டால் இப்படித்தான்.

பழைய உறுப்பினர் · ஜூலை 13, மாலை 4:00

சுற்று சரி. இதை 1785-லேயே பிரெஞ்சுக்காரர் கோந்தொர்சே எழுதி வைத்துவிட்டார். இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் வாசிப்பறையும் ஊஞ்சலும் மோதட்டும், ஜெயித்தது விளக்கோடு மோதட்டும்: விளக்கு வரும். முதலில் விளக்கும் ஊஞ்சலும் என்றால் கடைசியில் வாசிப்பறை. முதலில் விளக்கும் வாசிப்பறையும் என்றால் கடைசியில் ஊஞ்சல். அதே ஒன்பது பேர், அதே விருப்பம், மூன்று வேறு முடிவு. உங்கள் தலைவர் பெண்ணுக்கு இதைச் சொல்லாதீர்கள், பயங்கரமாக ஆகிவிடுவாள்.

ரோஸ்ஹில் கணக்கன் · ஜூலை 14, காலை 8:30

என் இரண்டாம் சுற்று யோசனை அரைகுறை என்று ஒப்புக்கொள்கிறேன். அதுவும் ஒரு வரிசைதான், யாரை முதலில் தூக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆனால் விடமாட்டேன். புள்ளி கொடுங்கள். முதல் விருப்பத்துக்கு 2, இரண்டாவதுக்கு 1, மூன்றாவதுக்கு 0. பாரபட்சமே வராது.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 14, இரவு 9:50

போட்டேன். விளக்கு 10. வாசிப்பறை 10. ஊஞ்சல் 7.

நன்றி கணக்கரே.

ரோஸ்ஹில் கணக்கன் · ஜூலை 14, இரவு 9:58

😂 வேண்டுமென்றே அட்டை தயாரித்தீர்களா?

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 14, இரவு 10:05

சத்தியமாக இல்லை. பந்துப் பையன்கள் நாலு பேர் பிடிவாதம் பிடித்ததால் நாலு. மீதியைப் பிரித்துக் கொடுத்தேன்.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 19, மாலை 6:15

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், திங்கட்கிழமைக்குள் மறந்துவிடும்.

ஒரே கூட்டத்தை மூன்று தடவை நடத்தினேன். ஒவ்வொரு தடவையும் வேறு தலைவர், நிகழ்ச்சி நிரலில் வேறு வரிசை. காரணம் சொல்லவில்லை. முடிவைப் பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன். விளக்கு. வாசிப்பறை. ஊஞ்சல். மூன்றாவது முடிவை எழுதியதும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பந்துப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், இது ஏமாத்து!" என்றான். யார் ஏமாற்றியது என்று கேட்டேன். தலைவர் என்றான். தலைவர் எந்த விதியை மீறினாள் என்று கேட்டேன். யோசித்தான். மீறவில்லை. "அப்ப விதிதான் ஏமாத்து" என்றான். இந்த ஒரு வரிக்காக மூன்று சனிக்கிழமை செலவழித்தது தகும்.

ஆனால் பாதி தோல்வியும் உண்டு. தமிழில் மட்டும்தான் பேச வேண்டும் என்பது வகுப்பு விதி. முதல் கூட்டத்தில் அந்த விதியால் தமிழ் சரளமாக வரும் மூன்று பிள்ளைகளே பேசினார்கள், மற்றவர்கள் கையை மட்டும் தூக்கினார்கள். ஆறே நிமிடத்தில் முடிந்ததற்கு அதுவும் காரணம் என்று இன்றுதான் உறைத்தது. வீட்டில் கிரியோல் பேசுகிற பிள்ளைக்குக் கோபம் வந்தால் கிரியோலில்தான் வரும். கோபத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் அது ஆறிப் போகிறது, பிள்ளையும் உட்கார்ந்துவிடுகிறது. இன்று விதியை மாற்றினேன்: வாதாடுவது எந்த மொழியிலும் இருக்கலாம், முன்மொழிவதும் குறிப்பேட்டில் எழுதுவதும் தமிழில். சத்தம் நாலு மடங்கு. ஒருவன் கிரியோலில் பொரிந்து தள்ளிவிட்டு, பிறகு தலையைச் சொறிந்துகொண்டு "நான்... ஊஞ்சலை... எதிர்க்கிறேன், ஏனென்றால்..." என்று தமிழில் தேடினான். அந்த "ஏனென்றால்"-ஐ இரண்டு வருஷமாகப் பயிற்சி ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தவன், வாயால் சொன்னது இன்றுதான்.

இன்னொரு தோல்வி நாடாளுமன்றம். தொலைக்காட்சியில் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவன் எழுந்து "பாயிண்ட் ஆஃப் ஆர்டர்!" என்று கத்தி உட்காருகிறான். என்ன பாயிண்ட் என்று கேட்டால் தெரியாது.

திருவாரூர்க்காரன் · ஜூலை 19, இரவு 8:20

பெரியவர்களுக்கும் தெரியாது மிஸ்.

செவ்வந்தி அம்மா · ஜூலை 21, மதியம் 12:30

நான் ஒரு பிள்ளையின் அம்மா. இந்த வகுப்பில்லை, கடல் பக்கம் வேறு ஊர். எங்கள் பள்ளியில் போன வருஷம் இப்படி ஒரு கூட்டம் வைத்தார்கள். என் மகனுக்குக் கிடைத்தது "மரத்தை வெட்டச் சொல்பவர்" என்ற அட்டை. அவனே ஆலமரத்தில் ஏறி விளையாடுகிறவன். அட்டையில் அப்படி இருந்ததால் பேசினான், நன்றாகவே பேசினான் என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவனுக்கு "மரவெட்டி" என்று பேர். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வாதம் சொல்லிக் கொடுக்கிறோம் என்கிறீர்கள், வாதம் முடிந்த பிறகு பிள்ளை வீட்டுக்கு யாராக வருகிறது என்று பார்க்கிறீர்களா?

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 21, இரவு 9:10

அம்மா, நான் பார்க்கவில்லை. சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள், நானும் கூடத்தைப் பூட்டிவிட்டேன். வாசலில் கடைக்கார அட்டை வைத்திருந்த பையனை ஒருவன் "காசு பிடுங்கி" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இரண்டு விஷயம் மாற்றப் போகிறேன். ஒன்று, கழுத்தில் மாட்டும் அட்டை. கூட்டம் தொடங்கும்போது மாட்ட வேண்டும். முடிந்ததும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, "நானாக இருந்தால் எதற்குப் போட்டிருப்பேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் அதற்கே. அட்டை வேறு ஆள் வேறு என்று மற்ற பிள்ளைகள் காதால் கேட்க வேண்டும்.

இரண்டாவது பெரியது. உங்கள் மகனின் அட்டையில் "மரத்தை வெட்டச் சொல்பவர்" என்று முடிவு எழுதியிருந்தது. என் அட்டைகளிலும் அப்படித்தான்: "நீ விளக்கை ஆதரிக்கிறாய், ஊஞ்சலை எதிர்க்கிறாய்." முடிவைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிச்சம் இருப்பது கத்துவது மட்டும். அட்டைகளைப் புதிதாக எழுதுகிறேன். முடிவு இருக்காது. அந்த ஆள் யார், அவருக்கு என்ன தொல்லை, அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி, இவ்வளவுதான்.

பழைய உறுப்பினர் · ஜூலை 22, காலை 6:05

செய்தி வைப்பது நல்லது. பெத்தாங் ஆடுகளத்தில் நாங்கள் தோற்றது ஓட்டால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், அந்த நிலத்தடியில் தண்ணீர்க் குழாய் போவது ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

ரோஸ்ஹில் கணக்கன் · ஜூலை 22, காலை 9:40

முடிவு எழுதாத அட்டை என்றால் 4-3-2 கலைந்துவிடுமே? அழகான சுற்று போய்விடும்.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 22, இரவு 8:00

போகட்டும். சுற்றைக் காட்டியாயிற்று.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 26, மாலை 7:30

புது அட்டையோடு முதல் கூட்டம். கணக்கன் பயந்தது நடக்கவில்லை, பிள்ளைகள் தொல்லையை வைத்தே பழைய வரிசைக்கு வந்து சேர்ந்தார்கள். பேசத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் அமைதியாக, ஆளுக்கொரு தாளில் முதல், இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் காரணத்தையும் எழுத வைத்தேன். வேகமாகப் பேசுகிறவன் பின்னால் மற்றவர் போகாமலிருக்க இந்த ஐந்து நிமிடம் வேண்டும். எண்ணினால் அதே 4-3-2.

பேச்சு தொடங்கி இருபது நிமிடம் பழைய கதைதான். அப்போது பாட்டி அட்டை வைத்திருந்த பையன் பந்துக்காரர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான்: "உங்களுக்கு ஊஞ்சல் பிடிக்காதா, இல்ல மூலை போறது பிடிக்காதா?"

மூலைதான் என்றார்கள்.

"அப்ப ஹாலுக்குப் பின்னால வெச்சா?"

நான் எழுதிய யோசனையில் "மைதான மூலையில்" என்று இருந்தது. அதை மாற்றலாம் என்று எனக்கே தோன்றியதில்லை. தலைவர் பெண் என்னைப் பார்த்தாள், நான் கூரையைப் பார்த்தேன். அவள் "திருத்தம் முன்மொழியுங்கள்" என்றாள். "மைதான மூலையில்" என்பதை நீக்கி "மண்டபத்தின் பின்புறம்" என்று சேர்ப்பது. கைக்குழந்தைக்காரி வழிமொழிந்தாள். திருத்தம் ஒருமனதாக நிறைவேறியது.

அதன்பின் தாளைத் திரும்ப எழுதச் சொன்னேன். பந்துக்காரர் நாலு பேருக்கும் விளக்குதான் முதல், அதில் மாற்றமில்லை. ஆனால் ஊஞ்சல் மேல் கோபம் போய்விட்டது, இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது, வாசிப்பறை கடைசிக்கு இறங்கியது. மற்ற ஐவரின் வரிசை அப்படியே.

இப்போது கணக்குப் போடுங்கள் கணக்கரே, நான் போட்டால் தப்பாகும்.

பக்கத்து வீட்டுக்காரர் அட்டையில் ஒரு செய்தி வைத்திருந்தேன். விளக்கு போட்டால் மாதம் 4,000 ரூபாய் மின் கட்டணம், அதை மன்றமே கட்ட வேண்டும் என்று, தொகை என் கற்பனை. அது மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போதுதான் வெளியே வந்தது. ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே மிஸ்." பந்துக்காரர் உடனே "எட்டு மணிக்கு அணைச்சிடலாம்" என்றார்கள். ஓட்டுக்கு நேரமில்லை, அடுத்த வாரம்.

ரோஸ்ஹில் கணக்கன் · ஜூலை 26, இரவு 8:10

போட்டேன். ஊஞ்சலா விளக்கா: ஊஞ்சல் 5-4. ஊஞ்சலா வாசிப்பறையா: நாலும் இரண்டும் ஆறு, ஊஞ்சல் 6-3. சுற்று உடைந்துவிட்டது! எந்த வரிசையில் வைத்தாலும் கடைசியில் ஊஞ்சல்தான். தலைவர் என்ன தந்திரம் செய்தாலும் மாறாது. முதல் விருப்பமாக இரண்டே பேருக்கு இருந்தது எல்லாரையும் ஜெயிக்கிறது. முதல் நாள் மாதிரி கை எண்ணினால் மட்டும் இப்போதும் விளக்குக்கு 4 வரும்.

மூன்று வாரமாக நான் ஓட்டு முறையை மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் ஊஞ்சலை நகர்த்திவிட்டான்.

பழைய உறுப்பினர் · ஜூலை 27, காலை 6:15

எல்லா நேரமும் நகர்த்த இடம் இருக்காது. மண்டபத்துக்குப் பின்னால் சாக்கடை இருந்திருந்தால்? எங்கள் ஊரில் சாக்கடைதான்.

மாலைவகுப்பு மிஸ் · ஜூலை 27, காலை 9:00

உண்மைதான் ஐயா. அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு சாக்கடை வைத்து ஓர் அட்டை எழுதுகிறேன். அப்போது என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது.

மாலைவகுப்பு மிஸ் · ஆகஸ்ட் 2, மாலை 6:40

இரண்டு விபரீதம்.

முதலாவது, ஊஞ்சல்காரி ஒருத்தி சளிக் காய்ச்சலில் வரவில்லை. எட்டுப் பேர். விளக்கா ஊஞ்சலா என்று வந்ததும் 4-4. தலைவர் பெண்ணின் அட்டை ஓய்வு பெற்ற ஆசிரியை, வாசிப்பறைக் கட்சி. அவள் ஏற்கெனவே ஊஞ்சலுக்குக் கை தூக்கியிருந்தாள். சமம் என்றதும் இன்னொரு தடவை ஊஞ்சலுக்குப் போட்டாள். "அவளுக்கு மட்டும் ரெண்டு ஓட்டா?" என்று பந்துக்காரர் துள்ளினார்கள். ஐயா, அது சரிதானே?

இரண்டாவது, வாரத்துக்கு நடுவில் பள்ளியில் ஒரு பேரம் நடந்திருக்கிறது. பந்துக்காரரில் ஒருவன் வாசிப்பறைக்காரன் ஒருவனுக்கு இரண்டு காதோ பிமா வாங்கிக் கொடுத்து ஓட்டுக் கேட்டிருக்கிறான். வாங்கிச் சாப்பிட்டவன் ஓட்டை மாற்றவில்லை. கூட்டத்தில் அவனே எழுந்து சொன்னான், சாப்பிட்டதையும் மாற்றாததையும் பெருமையாக. கொடுத்தவன் அழாத குறை. லஞ்சம் வாங்கியவன் நல்லவனா, ஓட்டு மாறவில்லையே என்று பத்து நிமிடம் வாதாடினார்கள். முடிவே வரவில்லை. தலைவர் பெண் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருக்கிறாள்: "உறுப்பினர் ஒருவர் இரண்டு பலகாரம் பெற்றதாகத் தெரிவித்தார். மன்றம் கவனத்தில் கொண்டது."

பழைய உறுப்பினர் · ஆகஸ்ட் 2, இரவு 8:30

தலைவர் தன் ஓட்டைப் போடலாம், சமமாக நின்றால் முடிவு ஓட்டும் அவருடையதே. சரியாகத்தான் செய்திருக்கிறாள். நியாயமா என்று கேட்டால் எட்டுப் பேர் இருக்கும் நாளில் ஒன்பதாவது ஆள் ஏன் வரவில்லை என்று கேட்பேன். நிஜத்தில் சளிக் காய்ச்சல் அவ்வளவு தற்செயலாக வருவதில்லை.

"மன்றம் கவனத்தில் கொண்டது" என்று எழுதினாளா? என்னைவிட நல்ல செயலாளர்.

செவ்வந்தி அம்மா · ஆகஸ்ட் 3, காலை 7:45

அட்டையைக் கழற்றிவிட்டுப் பேசும் பத்து நிமிடம் நடந்ததா?

மாலைவகுப்பு மிஸ் · ஆகஸ்ட் 3, காலை 8:20

நடந்தது அம்மா. பலகாரம் கொடுத்தவன் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தான் பந்தே ஆடுவதில்லை, வீட்டில் மூன்று வயதுத் தங்கை இருக்கிறாள், தானாக இருந்தால் ஊஞ்சல்தான் என்றான். கூடமே சிரித்தது, அவனும் சிரித்தான். ஆனால் சாப்பிட்டவன் சிரிக்கவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போனார்களா என்று பார்த்தேன். போகவில்லை. அடுத்த வாரமும் பார்க்கிறேன்.

பந்துக்காரர் நாலு பேரும் தங்கள் எதிர்ப்பைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று கேட்டார்கள். நீங்களே எழுதுங்கள் என்று ஏட்டைக் கொடுத்தேன். "நாங்கள் நாலு பேர் இந்த முடிவை எதிற்க்கிறோம். ஊஞ்சல் நல்லது. விளக்கு இன்னும் நல்லது. அடுத்த வருடம் மறுபடி கொண்டு வருவோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுத்துப் பிழையைத் திருத்தவில்லை, அது மன்றத்தின் ஆவணம்.

இப்போது ஒரு நிஜமான கேள்வி. பிள்ளைகள் எங்கள் ஊர் விலேஜ் ஹாலுக்குப் பின்னால் உண்மையிலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள். இடம் இருக்கிறதாம், பழைய நாற்காலிகள் கிடக்கின்றனவாம். மன்றத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்கிறார்கள். யார் பெயருக்கு எழுதுவது?

பழைய உறுப்பினர் · ஆகஸ்ட் 3, காலை 8:50

தலைவர் பெயருக்கு, செயலாளர் வழியாக. தமிழில் ஒன்று, கூடவே ஆங்கிலத்தில் ஒன்று. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வையுங்கள். நாற்காலிகளைப் பற்றி முதல் கடிதத்திலேயே எழுதாதீர்கள், அதை யார் அங்கே போட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

திருவாரூர்க்காரன் · ஆகஸ்ட் 3, காலை 9:30

ஊஞ்சல் வந்தால் படம் போடுங்கள் மிஸ். சாக்கடை வந்தாலும் போடுங்கள்.